ஸ்லிம்மிங் டீயில் கிலோ குறைவது எப்படி, திரும்பி வருவது எப்படி

கேள்வி: சார், நாங்கள் மன்னார்குடி பக்கம். என் மனைவிக்கு 36 வயது. ஒரு மாதமாக ராத்திரி ஸ்லிம்மிங் டீ குடிக்கிறாள். முதல் மூன்று நாளிலேயே 2 கிலோ குறைந்தது. ஆனால் காலையில் மூன்று, நான்கு தடவை போகிறது, ராத்திரி கெண்டைக்கால் இழுக்கிறது. விற்றவரைக் கேட்டால் ‘கழிவு வெளியேறுது, பயப்படாதீங்க’ என்கிறார். நடுவில் ஒரு வாரம் நிறுத்தினோம், எடை அப்படியே திரும்பி வந்தது, முகமும் கொஞ்சம் வீங்கியது. மூலிகைதானே, தொடரலாமா?

பதில்:

வேண்டாம். இன்று ராத்திரியிலிருந்தே நிறுத்தச் சொல்லுங்கள். கால் இழுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காக நாளைக்கே ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். எலக்ட்ரோலைட்ஸ் என்று கேட்டால் சோடியம், பொட்டாசியம் பார்த்துச் சொல்வார்கள். கூடவே, சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டுகிற கிரியாட்டினினும் பார்க்கச் சொல்லுங்கள்.

நான் கும்பகோணத்தில் இருபத்திநான்கு வருஷமாக மருந்துக்கடை வைத்திருக்கும் மருந்தாளுநர். முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்த மாதிரி ஒரு டீயை என் கடை முன்மேசையிலேயே எட்டு மாதம் அடுக்கி வைத்து விற்றவன் நான். லாபம் நல்ல லாபம். பெட்டியின் பின்பக்கத்தை நான் நிதானமாகப் படித்தது, ஒரு அம்மாவுக்கு உடம்புக்கு வந்த பிறகுதான். அந்தக் கதைக்கு வருகிறேன்.

பாக்கெட்டை எடுத்து, பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். முன்பக்கம் எலுமிச்சையும் துளசியும் படமாக இருக்கும். பின்பக்கம் கிரீன் டீ, இஞ்சி, சோம்பு, லவங்கப்பட்டை என்று போய்க்கொண்டே இருக்கும் வரிசையில் எங்காவது சென்னா, சோனாமுகி, சனாய், ஸ்வர்ணபத்ரி, மார்க்கண்டிகா, கேசியா அங்கஸ்டிஃபோலியா என்று ஒரு பெயர் இருக்கிறதா பாருங்கள். ஆறும் ஒரே செடிதான். நம் நாட்டு மருந்துக் கடையில் போய் நிலாவரை அல்லது நிலாவாகை என்று கேட்டால் அந்த இலையைத்தான் கட்டித் தருவார்கள். ‘சோனாமுகி’ என்று இங்கிலீஷ் எழுத்தில் அச்சடித்தால், நிலாவரை தெரிந்த பாட்டிக்குக்கூடப் பிடிபடாது. பொருள் பட்டியலில் இருக்கிறது, ஆனாலும் மறைந்துதான் இருக்கிறது.

இது ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். உலகச் சந்தையில் இதற்குப் பெயரே ‘டின்னவேலி சென்னா’. திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்து வானம் பார்த்த பூமியில் விளைந்து தூத்துக்குடி வழியாகக் கப்பலேறுகிற இலை. அந்தப் பக்கத்து விவசாயிகள் இதை அவுரி என்றும் சொல்வார்கள். தலைக்குச் சாயம் போடுகிற அவுரி வேறு செடி, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நிலாவரை கெட்ட மருந்து இல்லை. மலச்சிக்கலுக்கு நல்ல மருந்து. டாக்டர்களே எழுதித் தருகிறார்கள். அதன் இலையில் சென்னோசைடு என்ற பொருள் இருக்கிறது. அது சிறுகுடலில் ஒன்றும் செய்யாமல் கடந்து பெருங்குடலுக்குப் போகும். அங்கே இருக்கிற நுண்ணுயிரிகள் அதை உடைத்த பிறகுதான் வேலையைக் காட்டும். இதற்கு ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் ஆகும். ராத்திரி படுக்கும்போது குடிக்கச் சொல்வதும், விடியற்காலை வயிற்றைப் பிசைவதும் அதனால்தான். உடைந்து வரும் பொருள் பெருங்குடலின் சுவரைத் தூண்டிச் சுருங்க வைக்கிறது. அதைவிட முக்கியம், அந்தச் சுவர் தண்ணீரை உறிஞ்சுவதைத் தடுக்கிறது.

நீங்கள் டெல்டாக்காரர், உங்களுக்கு இதைச் சொல்வது சுலபம். சாப்பிட்ட இட்லியின் மாவும் எண்ணெயும் சர்க்கரையும் உடம்பில் சேருவது சிறுகுடலில். அதுதான் வயல். அங்கே பாய வேண்டியதெல்லாம் பாய்ந்து முடிந்து, மிச்சமாகத் தினமும் ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் தண்ணீர் பெருங்குடலுக்கு வந்து சேருகிறது. பெருங்குடல் அதில் பெரும்பங்கை உடம்புக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நூறு நூற்றைம்பது மில்லியை மட்டும் மலத்தோடு விடும். இந்த டீ செய்வது வடிகால் மதகைத் தூக்கிவிடுகிற வேலை. வயலில் பாய்ந்த தண்ணீர் பாய்ந்ததுதான். மதகைத் தூக்கியதால் நெல் குறையாது, தண்ணீர்தான் கடலுக்குப் போகும்.

அப்படியானால் குறைந்த 2 கிலோ? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ உடல் கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி செலவாக வேண்டும். 2 கிலோவுக்கு 15,400. வீட்டு வேலை பார்க்கிற ஒரு பெண்ணுக்கு ஒரு நாள் செலவு சுமார் 1,800 கலோரி என்று வைத்துக்கொண்டால் மூன்று நாளில் 5,400. அதாவது, உங்கள் மனைவி மூன்று நாளும் பச்சைத் தண்ணீர் தவிர எதையும் தொடாமல் இருந்திருந்தாலும் கொழுப்பில் ஒரு கிலோகூடக் குறைந்திருக்க முடியாது. குறைந்தது குடலில் இருந்த மலமும், உடம்பிலிருந்து போன தண்ணீரும்தான். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. எடை மெஷினுக்கு அது கொழுப்பா தண்ணீரா என்று தெரியாது.

‘கழிவு’ என்பதையும் சொல்லிவிடுகிறேன். சளி போலக் கொழகொழவென்று ஏதோ போகிறதே, அதைக் காட்டித்தான் ‘பாருங்க, நஞ்சு வருது’ என்பார்கள். அது குடல் தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கிற கோழை. எரிச்சல் வந்தால் கூடுதலாகச் சுரக்கும், அவ்வளவுதான். பல வருஷமாகக் குடலில் ஒட்டிக்கொண்டிருந்த எதுவும் கழன்று வருவதில்லை. கொலோனோஸ்கோப்பி செய்யும் டாக்டர்கள் தினமும் குடலைப் பார்க்கிறார்கள், ஒட்டிக்கிடக்கும் பழைய அழுக்கு என்று ஒன்றும் அங்கே இல்லை. நேர்மாறாக, நிலாவரையை மாதக்கணக்கில் சாப்பிட்டவர்களின் குடல் சுவர்தான் கறுத்துப் பழுப்பாகத் தெரியும். அழுக்கை எடுக்கக் குடித்த டீ கறையை வைத்துவிட்டுப் போகிறது. நிறுத்தினால் அந்த நிறம் சில மாதங்களில் மறைந்துவிடும், அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை.

பயப்பட வேண்டியது பொட்டாசியத்துக்குத்தான். பேதியில் தண்ணீர் மட்டும் போவதில்லை, சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்தே போகின்றன. தசை சுருங்குவதற்கும் இதயம் சீராக அடிப்பதற்கும் பொட்டாசியம் வேண்டும். ரத்தத்தில் அது 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டும். இறங்கினால் முதலில் கெண்டைக்கால் இழுக்கும், அப்புறம் தொடை கனக்கும், படி ஏற முடியாது, நெஞ்சு படபடக்கும். ரொம்ப இறங்கினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்து வரும்.

நான் சொன்ன அம்மா வலங்கைமான் பக்கம். நாற்பத்தைந்து வயது இருக்கும். ரத்த அழுத்தத்துக்கு என் கடையில்தான் மாத்திரை வாங்குவார். அதில் குளோர்தாலிடோன் சேர்ந்திருந்தது. சிறுநீரை அதிகமாகப் பிரிய வைக்கிற ‘தண்ணி மாத்திரை’ வகை, அதுவும் பொட்டாசியத்தை வெளியேற்றும். மகள் கல்யாணத்துக்கு முன்னால் கொஞ்சம் இளைக்க வேண்டும் என்று என் முன்மேசையில் இருந்த டீயை எடுத்தார். நான்தான் பில் போட்டேன். மாத்திரையும் டீயும் ஒரே பில்லில்.

கத்திரி வெயில் நேரம். ஆறாவது வாரம் அவர் வீட்டுக்காரர் வந்து, ‘ராத்திரி காலைப் பிடிச்சு இழுக்குது, கத்துறா, ஏதாவது கால்சியம் மாத்திரை கொடுங்க’ என்றார். கொடுத்தேன். இன்னொரு தப்பு. நான்கு நாள் கழித்து அந்த அம்மா திண்ணைப் படி ஏற முடியாமல் உட்கார்ந்துவிட்டார், நெஞ்சு படபடப்பு வேறு. ஆஸ்பத்திரியில் பொட்டாசியம் 2.6. ஈசிஜியிலும் மாற்றம் தெரிந்தது. பொட்டாசியத்தைச் சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்ற வேண்டும், அவசரப்பட்டு ஏற்றினால் அதுவே இதயத்தை நிறுத்திவிடும். அதனால் மூன்று நாள் இருக்க வேண்டியிருந்தது. டாக்டர் கேட்டபோது மாத்திரைப் பெயரைச் சொன்னார்களே தவிர டீயைச் சொல்லவில்லை. டீயை யார் மருந்து என்று நினைப்பார்கள்? வீட்டுக்காரர் என்னிடம் மருந்துச் சீட்டை நீட்டியபோதுதான் எனக்கு உறைத்தது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். இஞ்சிக்கும் அதிமதுரத்துக்கும் நடுவில் சோனாமுகி. அதிமதுரமும் தினமும் அதிகமாகப் போனால் பொட்டாசியத்தை இறக்குகிற சரக்குதான். ஆக மூன்று பக்கமும் ஓட்டை.

வீட்டுக்கு வந்த பத்து நாளில் அவருக்கு 3 கிலோ ஏறியது, கணுக்கால் வீங்கியது. உங்கள் மனைவிக்கு முகம் வீங்கியதும் இதே காரணம்தான். தினமும் தண்ணீரும் உப்பும் போய்க்கொண்டே இருந்தால் உடம்பு சும்மா இருக்காது. ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைக் கூட்டி, கிடைக்கிற உப்பையும் தண்ணீரையும் பிடித்துவைக்கச் சிறுநீரகத்துக்குச் சொல்லும். திடீரென்று டீயை நிறுத்தினால் வெளியே போவது நிற்கிறது, ஆனால் அந்த ஹார்மோன் அடங்கச் சில நாள், சிலருக்கு இரண்டு மூன்று வாரம் ஆகிறது. அதுவரை உடம்பு தண்ணீரைத் தேக்கும். மெஷினில் எடை ஏறும், மோதிரம் இறுகும். ‘டீயை விட்டதும் குண்டாகிட்டேன்’ என்று பயந்து மறுபடியும் குடிப்பார்கள், தண்ணீர் இறங்கும், டீயின் மேல் நம்பிக்கை இன்னும் கூடும். இந்தச் சுழலில்தான் வியாபாரம் நடக்கிறது.

இதற்குத் துணையாக இன்னொன்றும் நடக்கும். பெருங்குடல் சுத்தமாகக் காலியாகிவிட்டால் அது நிறைய இரண்டு மூன்று நாள் வேண்டும். அதுவரை போகாது. அது மலச்சிக்கல் இல்லை, போக ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். ஆனால் ‘டீ இல்லாம எனக்குப் போகவே மாட்டேங்குது’ என்ற எண்ணம் வந்துவிடும்.

சரி, அளவைப் பார்ப்போம். பெரியவர்களுக்குச் சென்னோசைடு ஒரு வேளைக்கு 15 முதல் 30 மில்லிகிராம், அதுவும் ஒரு வாரத்துக்கு மேல் டாக்டர் சொல்லாமல் தொடரக்கூடாது என்பது பொதுவான வரம்பு. நம் திருநெல்வேலி இலையில் சென்னோசைடு சுமாராக நூற்றுக்கு இரண்டரை பங்கு. ஒரு டீ பையில் 2 கிராம் இலை இருந்தால் 50 மில்லிகிராம். முழுதும் தண்ணீரில் இறங்காது என்றாலும் வரம்பைத் தொட்டுவிடும். பையில் எத்தனை கிராம் நிலாவரை என்று பெரும்பாலும் எழுதியிருக்காது, ‘மூலிகைக் கலவை’ என்று மட்டும் இருக்கும். வெந்நீரில் மூன்று நிமிஷம் போட்டு எடுத்தால் ஒரு அளவு, பத்து நிமிஷம் மறந்துவிட்டால் வேறு அளவு. நம் வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. மூலிகை என்றாலே கஷாயம் மாதிரி நான்கில் ஒன்றாகச் சுண்டக் காய்ச்சுகிற கை நமக்கு. அந்த அம்மாவும் இரண்டு பையைப் பிரித்துக் கொட்டி, பாத்திரத்தில் கொதிக்கவிட்டுத்தான் குடித்திருக்கிறார். அதில் எத்தனை மில்லிகிராம் உள்ளே போனது என்று எந்த மருந்தாளுநராலும் சொல்ல முடியாது. மாத்திரையாக இருந்தால் அட்டையில் எண் இருக்கும்.

‘நம்ம தாத்தா பாட்டியெல்லாம் பேதிக்குச் சாப்பிட்டாங்களே’ என்று கேட்பீர்கள். சாப்பிட்டார்கள். எங்கள் வீட்டிலும் விளக்கெண்ணெய் உண்டு. ஆனால் எத்தனை நாளுக்கு ஒரு தடவை? சித்த மருத்துவத்தில் பேதி மருந்துக்குச் சொன்ன கணக்கு நான்கு மாதத்துக்கு ஒருமுறை. அன்றைக்கு வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்து, கஞ்சி, ரசம் சாதம், மோர் என்று உப்பும் தண்ணீருமாக உள்ளே போகும். வருஷத்துக்கு மூன்று நாள் செய்ததை மாதத்துக்கு முப்பது நாள் செய்துவிட்டுப் பரம்பரை வைத்தியம் என்று சொன்னால், பரம்பரைதான் கோபித்துக்கொள்ளும்.

இதுவரை சொன்னது பட்டியலில் பெயர் இருக்கிற சரக்கைப் பற்றி. பட்டியலிலேயே இல்லாமல் கலக்கப்படும் ரசாயனமும் உண்டு, அது இன்னும் மோசம். எடை குறைப்புச் சரக்குகளில் உலகம் முழுக்கத் திரும்பத் திரும்பப் பிடிபட்டவை இரண்டு. ஒன்று பினால்ப்தலீன். பிளஸ் டூ கெமிஸ்ட்ரி லேபில் பிங்க் நிறம் வரச் சொட்டுவிட்டோமே, அதேதான். ஒரு காலத்தில் பேதி மாத்திரையாக இருந்தது, விலங்குகளில் புற்றுநோய் உண்டாக்குவது தெரிந்ததும் அமெரிக்கா உட்படப் பல நாடுகள் 1990களின் கடைசியில் கைவிட்டன. இன்னொன்று சிபுட்ரமின், பசியை அடக்கும் மருந்து. மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகிறது என்பதால் 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நின்றது, இந்தியா 2011இல் தடை செய்தது. டீ குடித்த நாளிலிருந்து சுத்தமாகப் பசியில்லை, நாக்கு வறள்கிறது, தூக்கம் வரவில்லை, படபடக்கிறது என்றால் அது நிலாவரை செய்கிற வேலை இல்லை. அந்தப் பாக்கெட்டைச் சந்தேகப்படுங்கள். உரிம எண், தயாரிப்பாளர் முகவரி எதுவும் இல்லாமல் தெரிந்தவர் மூலம் கைமாறி வருகிற பொடிகளில் இந்த ஆபத்து அதிகம். உரிம எண் இருப்பதாலேயே பத்திரம் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. நான் விற்ற பெட்டியில் எல்லா எண்ணும் இருந்தது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. டீயை நிறுத்தியதும் மூன்று நாள் போகாவிட்டால் பதறாதீர்கள். தண்ணீர், வாழைத்தண்டு, கீரை, கொய்யா போதும். போதாவிட்டால் இசப்கோல் உமி ஒரு டேபிள்ஸ்பூனை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடித்து, இன்னொரு டம்ளர் தண்ணீரும் குடிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் உமியே அடைத்துக்கொள்ளும். முகம், கால் வீக்கம் வந்தால் ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறைத்துக்கொண்டு பொறுத்திருக்க வேண்டும். வீக்கம் வற்ற வேண்டும் என்று யாரிடமும் தண்ணி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், அது எரிகிற இடத்தில் எண்ணெய். மூன்று வாரத்துக்கு மேல் வீக்கம் இருந்தால் சிறுநீரகம், தைராய்டு பார்க்க வேண்டும்.

இளநீர் கொடுக்கலாமா என்பார்கள். பொட்டாசியம் லேசாக இறங்கியிருந்தால் நல்லதுதான், தினம் ஒன்று குடிக்கட்டும். ஆனால் ரிப்போர்ட்டில் 3க்குக் கீழே இருந்தால் இளநீரால் ஈடு கட்ட முடியாது, அன்றே டாக்டரைப் பாருங்கள். கிரியாட்டினின் ஏறியிருந்தால் இளநீரைத் தொடவே கூடாது, அங்கே பொட்டாசியம் கூடுவதுதான் ஆபத்து. கிரியாட்டினினையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னது அதற்காகத்தான். படபடப்பு, மயக்கம், கால் எழுப்ப முடியாத பலவீனம், மலத்தில் ரத்தம், கண் மஞ்சளாவது, சிறுநீர் சரியாகப் போகாதது, இதில் எது இருந்தாலும் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உங்கள் மனைவி வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. ரத்த அழுத்தம், இதயத்துக்கு டிகாக்சின், ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீராய்டு, இதில் ஏதாவது இருந்தால் பரிசோதனையை நாளைக்குத் தள்ளாமல் இன்றே எடுங்கள். கர்ப்பமாக இருக்க வாய்ப்பு இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

மிச்சம் இருக்கிற டீ பைகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பக்கத்து வீட்டுக்கும் கொடுத்துவிடாதீர்கள். பெட்டியோடு டாக்டரிடம் கொண்டுபோய் மேசையில் வையுங்கள். என் கடையில் மிஞ்சியிருந்த பதினேழு பெட்டியை நான் மொத்த வியாபாரியிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு, ‘ஏன் சார், உங்க ஏரியாவில் நல்லாத்தானே ஓடுது?’ என்று கேட்டார்.